பழைய வெர்ஷனுக்குத் திரும்பப் போக ஒரு வழி குடுங்க: வாட்ச் கம்பெனி சாஃப்ட்வேர் டீமுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்ங்க. எந்த அப்டேட்னு உங்களுக்கே தெரியும், மூணு நாள் சார்ஜ் தாங்கிட்டிருந்த வாட்ச் அதுக்கப்புறம் ஒரு நாள்லயே படுத்துடுது.

இது எங்கப்பா கட்டுற வாட்ச். ராத்திரி பாத்ரூம் போறப்போ விழுந்துட்டா எனக்கு அலர்ட் வரணும்னுதான் வாங்கினதே, இப்ப சரியா அந்த நேரத்துக்குத்தான் அது சார்ஜர்ல கெடக்குது. பகல்ல சார்ஜ் போடலாமேன்னா, மத்தியானம் கழட்டி வெச்சா திரும்பக் கட்ட மறந்துடுறாரு, வயசானவர்தானே.

உங்க கஸ்டமர் கேர் சொன்னதெல்லாம் பண்ணியாச்சு. ஆல்வேஸ் ஆன் டிஸ்ப்ளே, அப்டேட் தானாவே ஆன் பண்ணி வெச்சிருந்துச்சு (யாரு கேட்டா?), ஆஃப் பண்ணேன். தூக்கத்துல ஆக்ஸிஜன் பாக்குறதுக்கு விடிய விடிய எரியுமே சிவப்பு லைட், அதையும் நிறுத்தினேன். கொஞ்சம் முன்னேற்றம், அவ்ளோதான். அப்டேட் ஆனதும் ஒண்ணு ரெண்டு நாள் உள்ளுக்குள்ள வேலை ஓடும், அதுல சார்ஜ் இறங்கும்னு தெரிஞ்சு பொறுத்தும் பாத்தாச்சு.

அப்புறம் ஒரு டெஸ்ட் பண்ணேன், இதை மட்டும் தயவுசெஞ்சு கவனமா படிங்க. ராத்திரி பத்து மணிக்கு 80 சதவீதம் இருந்தப்போ கழட்டி, ஏரோபிளேன் மோட் போட்டு, மேஜை மேல வெச்சுட்டேன். கையில இல்லாததால ஹார்ட் ரேட் பாக்க வேலையில்ல, ஸ்க்ரீனும் இருட்டு, போனோட தொடர்பும் கிடையாது. காலைல ஆறு மணிக்கு 52. எட்டு மணி நேரத்துல 28 சதவீதம், அதாவது மணிக்கு மூணரை. சும்மா கெடக்குறப்பவே இந்த வேகம்னா முழு சார்ஜும் 28 மணி நேரத்துல காலி. அப்டேட்டுக்கு முன்னாடி கையில கட்டியிருந்தப்பவே மணிக்கு ஒண்ணரைக்கும் கீழதான் இறங்கும்! அப்ப டிஸ்ப்ளேயும் சென்சாரும் காரணமில்ல, உள்ள ஏதோ ஒண்ணு ப்ராசஸரைத் தூங்கவே விட மாட்டேங்குது. பேட்டரி பழசாயிடுச்சுன்னும் சொல்லாதீங்க, பழசாகுற பேட்டரி மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா இறங்கும், ஒரே ராத்திரியில மூணுல ஒரு பங்கா ஆகாது.

ஃபேக்டரி ரீசெட்டும் பண்ணியாச்சு. பேக்கப்ல இருந்து எடுத்தா பழைய செட்டிங்ஸ் கோளாறும் கூடவே வந்துடுமோன்னு புதுசு மாதிரியே செட் பண்ணேன், எமர்ஜென்சி நம்பர் மொதக்கொண்டு எல்லாத்தையும் மறுபடி போட்டேன். அதே கதைதான். ரீசெட் பண்ணா டேட்டாதான் அழியும், உங்க புது வெர்ஷன் அப்படியே உக்காந்திருக்குமே, பின்ன எப்படி சரியாகும்?

கடைசியா உங்க ஆளு சொன்னது, "எல்லா சென்சாரையும் ஆஃப் பண்ணிடுங்க சார்". அதுக்கு சுவத்துல ஒரு கடிகாரம் மாட்டிக்க மாட்டேனா? கேக்காம அப்டேட்டை ஏத்தத் தெரியுது, இறக்க மட்டும் வழி இல்ல. காசு குடுத்து வாங்கினவன்தான் உங்களுக்கு டெஸ்டிங் டீம் போல.

சரி, கோவத்துல நீட்டிட்டேன். கேக்குறது ஒண்ணுதான், பழைய வெர்ஷனுக்குத் திரும்பப் போக வழி குடுங்க, இல்ல சரி பண்ணின அப்டேட் எந்தத் தேதியில வரும்னாவது சொல்லுங்க. லாக் ஃபைல் வேணும்னா இன்னைக்கே அனுப்புறேன். தயவுசெஞ்சு ரீசெட் பண்ணிப் பாருங்கன்னு மட்டும் பதில் போடாதீங்க.