செலவில்லாத ஆப்ஷன் என்று ஒன்று இல்லை: திருப்பூர் ஏற்றுமதியாளர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். ஏற்றுமதி நிறுவனங்கள் வங்கிகளோடு செய்துகொள்ளும் அந்நியச் செலாவணி ஒப்பந்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்வது என் தொழில். டாலர் ஏறி இறங்கும்போதெல்லாம் உங்கள் உறுப்பினர்களிடமிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: டாலரைக் குறித்த விலைக்கு விற்கவோ வாங்கவோ உரிமை தரும் ஆப்ஷனை வங்கியிடம் நேரடியாக வாங்குவதா, தேசியப் பங்குச் சந்தையில் வாங்குவதா? இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. ஆனால் 2007, 2008-இல் இந்த ஊர் பட்ட அனுபவத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், எதை எங்கே சரிபார்க்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

2007-இன் தொடக்கத்தில் 44 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் அந்த ஆண்டின் இறுதியில் 40-க்கும் கீழே வந்தது. லாபம் கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்த ஏற்றுமதியாளர்களிடம் சில வங்கிகள் ‘ஜீரோ காஸ்ட்’ என்ற பெயரில் ஆப்ஷன் கட்டுகளைக் கொண்டுவந்தன. பல கட்டுகள் ரூபாயோடு தொடர்பே இல்லாத டாலர்–சுவிஸ் ஃபிராங்க் விலையின் மீது அமைந்தவை. அவற்றை விட்டுவிட்டு, ரூபாயிலேயே அமைந்த எளிய வடிவம் ஒன்றைப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஓராண்டு கழித்து 5 லட்சம் டாலர் வர இருக்கிறது. ஓராண்டு கழித்துக் கொடுக்கும் டாலருக்கு இன்றே பேசி வைக்கும் ஃபார்வர்ட் விலை 40 ரூபாய். டாலர் 40-க்குக் கீழே போனாலும் 40-க்கே விற்கலாம் என்ற உரிமையை, அதாவது 5 லட்சம் டாலருக்கான புட் ஆப்ஷனை, வங்கி உங்களுக்குத் தருகிறது. இந்த உரிமைக்கான விலையாகிய பிரீமியம் எதுவும் கேட்பதில்லை. பதிலுக்கு, டாலர் 40.75-க்கு மேலே போனால் 10 லட்சம் டாலரை 40.75-க்கே வங்கிக்குக் கொடுக்க நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்கள். ஆண்டுக்கு ஆறு சதவீத ஏற்ற இறக்கம் என்று வைத்துக் கணக்கிட்டால், நீங்கள் பெற்ற புட்டின் மதிப்பு டாலருக்குச் சுமார் 96 பைசா. நீங்கள் விற்ற கால் ஆப்ஷனின், அதாவது 40.75-க்கு வாங்க வங்கிக்கு நீங்கள் தந்த உரிமையின், மதிப்பு சுமார் 63 பைசா. ஆனால் விற்றது இரண்டு மடங்கு அளவுக்கு என்பதால் 126 பைசா. இடையிலுள்ள 30 பைசா, 5 லட்சம் டாலருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், வங்கிக்குப் போகிறது. ஒப்பந்தத் தாளில் இந்தத் தொகை எந்த வரியிலும் இராது. வாடிக்கையாளர் நிகரமாகப் பிரீமியம் பெறக்கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே விலை தெரிந்து கேட்டிருந்தாலும் அது உங்கள் கைக்கு ரொக்கமாக வந்திருக்காது. ஒப்பந்தத்தில் குறிக்கும் 40, 40.75 போன்ற ஸ்ட்ரைக் விலைகளை உங்களுக்குச் சாதகமாகத்தான் கேட்டுப் பெற்றிருக்க முடியும்.

ஏன் யாரும் கேட்கவில்லை? ஒப்பிட்டுப் பார்க்க விலை எங்கும் இல்லை. டாலர்–ரூபாய் ஆப்ஷன்கள் தேசியப் பங்குச் சந்தையில் வணிகமாகத் தொடங்கியது 2010 அக்டோபரில்தான். அதற்கு முன் ஓர் ஏற்றுமதியாளர் அறிந்த ஒரே விலை, எதிரே அமர்ந்திருந்த வங்கி அதிகாரி சொன்ன விலை.

2008-இன் இறுதியில் டாலர் 50-ஐ ஒட்டி வந்தது. மேற்சொன்ன கட்டு 50-இல் முடிந்திருந்தால், கையிலிருக்கும் 5 லட்சம் டாலரை 40.75-க்குக் கொடுத்தாக வேண்டும். கையில் இல்லாத மீதி 5 லட்சத்தை 50-க்கு வாங்கி 40.75-க்குக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியில் மட்டும் ரொக்க நட்டம் 46 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். டாலர் ஏறியதே ஏற்றுமதியாளரை முடக்கிய விசித்திரம் இப்படித்தான் நடந்தது.

ஒப்பந்தத்தில் எதிரே இருப்பவர் பணம் தராமல் போகும் எதிர்த்தரப்பு அபாயம் என்றதும் வங்கி திவாலாகிவிடுமோ என்றே நம்மவர்கள் யோசிக்கிறார்கள். பிரீமியம் கொடுத்து ஆப்ஷன் வாங்கியவருக்கு அது பொருத்தமான கவலை. பங்குச் சந்தையில் கிளியரிங் கார்ப்பரேஷன் நடுவில் நின்று, வாங்குபவருக்கு விற்பவராகவும் விற்பவருக்கு வாங்குபவராகவும் ஆகிவிடுவதால், எதிரே இருப்பவர் யார் என்பது பொருட்டே இல்லை. ஆனால் திருப்பூரில் நிலைமை தலைகீழாக இருந்தது. ஆப்ஷனை விற்றிருந்த ஏற்றுமதியாளரே வங்கிக்கு அபாயமாக நின்றார். அன்று அப்படியொரு சந்தை இருந்து அதில் விற்றிருந்தால், முதல் நாளே மார்ஜின் எனும் பிணைத்தொகை கட்ட வேண்டியிருந்திருக்கும். டாலர் ஏற ஏற மேலும் கேட்டிருப்பார்கள். ஒரு ரூபாய் ஏறியதுமே வலித்திருக்கும், பலர் வெளியேறியிருப்பார்கள். நேரடி ஒப்பந்தத்தில் அந்தச் சுமை வாடிக்கையாளரின் கடன் வரம்புக்குள் ஓசையில்லாமல் உட்கார்ந்துகொண்டு, முதிர்வு நாளில் முழுத் தொகையாகக் கணக்கில் பற்று வைக்கப்பட்டது. அதன்பின் நூலுக்கும் கூலிக்கும் வைத்திருந்த வரம்பு எங்கிருந்து மிஞ்சும்?

சட்டம் கைகொடுக்கும் என்று நம்பியிருப்பதும் சரியாகாது. ஃபிராங்க் ஒப்பந்தம் ஒன்று சூதாட்டப் பந்தயமே என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2008 அக்டோபரில் ஏற்கவில்லை. வாடிக்கையாளருக்குப் பொருந்துமா என்று பார்க்காமல் விற்றது உள்ளிட்ட மீறல்களுக்காக ரிசர்வ் வங்கி 2011 ஏப்ரலில் 19 வங்கிகளுக்கு அபராதம் விதித்தது உண்மை. ஆனால் அபராதம் வாடிக்கையாளருக்கு வந்து சேரும் பணம் அல்ல.

இவ்வளவையும் சொன்னதால், எல்லோரும் சந்தைக்குப் போய்விடுங்கள் என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். சந்தையின் ஆப்ஷன் ஆயத்த ஆடையைப் போன்றது. ஒரு லாட் 1,000 டாலர், முதிர்வு சந்தை குறித்த நாள், தீர்வு டாலரில் அல்லாமல் ரூபாயில். உங்கள் ஐரோப்பிய வாடிக்கையாளர் 90 நாளில் தருவதாகச் சொல்லி 125-ஆம் நாள் பணம் அனுப்புகிறார். சந்தையின் முதிர்வு நாள் அவருக்காகக் காத்திருக்காது. வங்கியிடம் தேதியையும் தொகையையும் உங்கள் இன்வாய்ஸுக்கு ஏற்ப வெட்டித் தைத்துக்கொள்ளலாம். மேலும், அடிப்படை வணிகம் உள்ளவர்கள் மட்டுமே ஆப்ஷன் போன்ற நாணய டெரிவேட்டிவ்களில் ஈடுபடலாம் என்ற நிபந்தனை 2024 மே மாதம் கறாராக நடைமுறைக்கு வந்தபின் சந்தையில் வணிகம் மிகவும் சுருங்கிவிட்டது. மூன்று மாதம் தள்ளிய ஸ்ட்ரைக் ஒன்றைத் திரையில் திறந்தால், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே பெரிய பள்ளம் தெரியும். சில நாள் ஒரு பக்கம் காலியாகவே இருக்கும். அத்தகைய விலையை அளவுகோலாகக் கொள்வதும் தவறு.

ஆகவே, பொருளை வங்கியிடம் வாங்கினாலும் விலையை வெளியே சரிபாருங்கள் என்பதே என் வேண்டுகோள். சிறு பயனர்களுக்கு டெரிவேட்டிவ் விற்கும்போது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான சந்தையின் நடுவிலையைத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்திருக்கிறது. உறுப்பினர்களில் எத்தனை பேர் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறார்கள்? பெரிய நிறுவனங்களுக்குக் கட்டாக விற்கப்படுபவற்றில் ஒவ்வோர் ஆப்ஷனின் தொகை, ஸ்ட்ரைக், நடுவிலை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். டாலர் பத்து சதவீதம் ஏறினால் எவ்வளவு கட்ட நேரிடும் என்பதையும் ரூபாயில் எழுதி வாங்க வேண்டும். தர மறுக்கும் வங்கியிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

இதைத் தனி நிறுவனம் கேட்பதைவிட அமைப்பு கேட்டால் பலன் அதிகம். உறுப்பினர்கள் பெறும் ஆப்ஷன் விலைகளை நிறுவனப் பெயர், வங்கிப் பெயர் நீக்கித் திரட்டி, அதே நாளில் சந்தைத் திரையில் இருந்த கிட்டிய மாத விலையோடு சேர்த்து மாதம் ஒருமுறை உறுப்பினர்களுக்கு அனுப்பும் ஏற்பாட்டை அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். படிவத்தை வடிவமைக்கவும் முதல் சில மாதங்கள் விலைகளைச் சரிபார்க்கவும் கட்டணமின்றி உதவுவேன்.

இப்படிக்கு,
செலாவணி ஒப்பந்தங்களுக்கான ஆலோசகர் ஒருவர்