என்கிரிப்ஷனை ஆன் செய்ததும் கூட்டத்தில் பங்கேற்க முடியாமல் போன மூவர்: புகார்

அனுப்புநர்:
ஒரு வழக்கறிஞர், சமரசர், மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு,
தங்கள் காணொலிக் கூட்டச் செயலி நிறுவனம்.

பொருள்: கூட்டப் பேச்சை வெளியார் கேட்க முடியாதபடி பூட்டும் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷனை ஆன் செய்யும்போது எந்தெந்த வசதிகள் நின்றுபோகும் என்று அந்த இடத்திலேயே சொல்லாதது, தொலைபேசி இணைப்புக்குக் கட்டிய கட்டணம் வீணானது.

ஐயா / அம்மா,

மதுரையில் குடும்பச் சொத்துத் தகராறுகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்த்து வைக்கும் வேலையை நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்து வருகிறோம். இரண்டு ஆண்டுகளாக உங்கள் செயலியின் கட்டணக் கணக்கைப் பயன்படுத்துகிறோம். கிராமத்திலிருந்து சாதாரண போனில் பேசுபவர்களுக்காக, தொலைபேசி எண்ணில் அழைத்துக் கூட்டத்தில் சேரும் வசதிக்கும் தனியாகப் பணம் கட்டியிருக்கிறோம்.

சமரசப் பேச்சில் சொல்வது வெளியே போகக் கூடாது. யார் எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்பது கசிந்தால் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். அதனால் சென்ற மாதம் உங்கள் செட்டிங்ஸ் பக்கத்தில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் என்ற பொத்தானைப் பார்த்ததும் எங்கள் கணக்கு முழுவதற்கும் ஆன் செய்தேன். பக்கத்தில் 'கூடுதல் பாதுகாப்பு' என்று ஒரு வரி இருந்தது. வேறு எச்சரிக்கை எதுவும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஓர் அமர்வு. அப்பா விட்டுப்போன ஒரு வீடும் இரண்டரை ஏக்கர் நிலமும். பங்கு கேட்பவர்கள் மூன்று பிள்ளைகள். மூத்தவர் மதுரையிலேயே இருக்கிறார், என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்தவர் அக்கா, உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில். அவரிடம் இருப்பது பட்டன் போன். கடைசித் தம்பி டொரோண்டோவில், அங்கே அப்போது காலை 7.30. ஆபீஸ் லேப்டாப்பில் செயலியை இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லாததால் அவர் எப்போதும் பிரவுசர் வழியாகத்தான் வருவார். நாலாவதாக அவர்களுடைய தாய்மாமா. காது மந்தம், மெஷின் வைத்திருக்கிறார்; திரையில் கீழே ஓடும் எழுத்தைப் படித்துத்தான் பேச்சைப் பின்தொடர்வார். மூன்று பேரும் மதிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

5 மணிக்கு நான் கூட்டத்தைத் தொடங்கினேன். மாமா மட்டும் வந்தார், தன் பேரனின் போனில். எழுத்து ஓடவில்லை. அந்தப் பொத்தானே திரையில் இல்லை. ஐந்து நிமிடம் "என்னப்பா, ஒண்ணும் வரல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியின் பிரவுசர் உள்ளே விடவில்லை. அக்கா, அழைப்பிதழில் நீங்களே அச்சிட்டுத் தந்த எண்ணுக்கு நான்கு முறை போன் போட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டுக் கட் ஆகியிருக்கிறது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தன்னை விட்டுவிட்டு அண்ணனும் தம்பியும் பேசி முடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு மாதம் பேசிப் பேசி உண்டாக்கிய நம்பிக்கை அந்த அரை மணி நேரத்தில் உடைந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் உதவி மையத்தை அழைத்தேன். நெட்வொர்க் பிரச்சினை, எல்லோரும் செயலியை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள் என்றார்கள். பட்டன் போனில் எதை நீக்குவது? இரண்டு நாள் இப்படியே போனது. கடைசியில் நானே உட்கார்ந்து இரண்டு கூட்டங்களைத் திறந்து பார்த்தேன், ஒன்று சாதாரணமாக, மற்றொன்று எண்ட்-டு-எண்டில். முதல் கூட்டத்தில் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து மீட்டிங் எண்ணை அழுத்தியதும் உள்ளே போய்விட்டேன். எழுத்து ஓடியது, கிளவுட் ரெக்கார்டிங் பொத்தானும் இருந்தது. இரண்டாவதில் போன் கட் ஆனது, எழுத்துப் பொத்தான், ரெக்கார்டிங் பொத்தான் இரண்டும் மறைந்துவிட்டன, பிரவுசர் செயலியை இறக்கச் சொன்னது. அப்புறம்தான் விஷயம் புரிந்தது.

இது பழுதில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். சாதாரணக் கூட்டத்தில் பேச்சு வழியில் பூட்டப்பட்டுப் போனாலும் உங்கள் சர்வரிடம் சாவி இருக்கிறது. எண்ட்-டு-எண்டில் சாவி கூட்டம் நடத்துபவரின் கருவியிலேயே உருவாகி, சேர்பவர்களின் செயலிக்கு மட்டும் போகிறது. சர்வர் பூட்டிய பொட்டலத்தைத் தூக்கிக் கொடுக்கும் தபால்காரர் மட்டும்தான். சாதாரண போனால் அந்தச் சாவியை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. தொலைபேசிக் குரலைக் கூட்டத்தோடு கலக்க வேண்டுமானால் சர்வர் பூட்டைத் திறந்தாக வேண்டும். பேச்சை எழுத்தாக்கவும் சர்வர் அதைக் கேட்டாக வேண்டும். உங்கள் கிளவுடில் பதிவு செய்வதும் அப்படித்தான். நடத்துபவர் வருவதற்கு முன் மற்றவர்கள் உள்ளே போக முடியாததற்கும் காரணம் அதே சாவி, அதை உருவாக்க ஆள் வர வேண்டும்.

ரெக்கார்டிங் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. 2023ஆம் ஆண்டின் சமரசச் சட்டமும் அமர்வுகளைப் பதிவு செய்யக் கூடாது என்றுதான் சொல்கிறது. பூட்டைத் தளர்த்துங்கள் என்றும் நான் கேட்கவில்லை. சர்வரால் கேட்க முடியாது என்பதுதான் எங்களுக்கு வேண்டியதே. அதற்கு யார் வெளியே நிற்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், அக்காவை உசிலம்பட்டியில் எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வரவழைத்திருப்பேன். மாமாவுக்குப் பக்கத்தில் எழுதிக் காட்ட ஓர் ஆளை உட்கார வைத்திருப்பேன். தம்பியைச் சொந்த லேப்டாப்பில் வரச் சொல்லியிருப்பேன். எல்லாம் ஒரு நாள் வேலை. கூட்டம் தொடங்கிய பிறகு தெரிந்து பயனில்லை. நடுவில் மாற்றவும் வழியில்லை, முடித்துவிட்டுப் புதிதாகத்தான் திறக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் நீங்கள் சொல்லவில்லை. இந்தப் பூட்டு பேச்சுக்கும் படத்துக்கும்தான். கூட்டத்தின் தலைப்பு, யார் எத்தனை மணிக்கு வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்பதெல்லாம் உங்களிடம் வழக்கம்போலப் பதிவாகின்றன. நான் தலைப்பில் குடும்பப் பெயரையும் நிலத்தின் சர்வே எண்ணையும் போட்டு, அது ரகசியமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

கணக்கு முழுவதற்கும் ஆன் செய்ததால் எங்களுடைய எல்லாக் கூட்டங்களிலும் தொலைபேசி இணைப்பு ஒரு மாதம் செத்துக் கிடந்தது. அந்த மாதத்துக்கான தொலைபேசிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டுகிறேன். பணத்தைவிட முக்கியமாக, அந்தப் பொத்தானை அழுத்தும் கணத்திலேயே தொலைபேசியில் வருபவர், பிரவுசரில் வருபவர், எழுத்தைப் படிப்பவர் ஆகியோர் சேர முடியாது அல்லது பின்தொடர முடியாது என்று தமிழிலும் காட்டுங்கள். எண்ட்-டு-எண்ட் கூட்டத்தின் அழைப்பிதழிலிருந்து தொலைபேசி எண்ணைத் தானாகவே எடுத்துவிடுங்கள். வேலை செய்யாத எண்ணை அச்சிட்டுத் தந்ததுதான் அக்காவை அதிகம் காயப்படுத்தியது. யாராவது பழைய அழைப்பிதழைப் பார்த்துக் கூப்பிட்டாலும், ஏன் சேர முடியவில்லை என்று தமிழில் ஒரு குரல் சொல்லட்டும். உங்கள் உதவி மையத்தினரும் முதல் கேள்வியாக, இந்தக் கூட்டத்தில் எண்ட்-டு-எண்ட் ஆனில் இருக்கிறதா என்று கேட்கப் பழகட்டும்.

அக்காவை நேரில் போய்ப் பார்த்து, நடந்ததைச் சொல்லி, மறுபடி பேச்சுக்குச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். அடுத்த அமர்வு இந்த மாதக் கடைசி சனிக்கிழமை. அதற்கு முன் தங்களுடைய எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.