திங்கள் விடிகாலையில் வராத ஃபைலுக்காக என்னை எழுப்பாதீர்கள்

கண்காணிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். கதை உங்களுக்குத் தெரியும், டிக்கெட்டும் உங்களிடம்தான் தூங்குகிறது, அதனால் முதலிலிருந்து தொடங்கவில்லை. இந்தத் திங்கள் விடிகாலை 3:15-க்கு மறுபடியும் போன் அடித்தது. தினமும் விடிகாலை 2:30-க்கு ஓடி முந்தைய நாளின் கணக்கை எடுக்கும் எங்கள் ஜாபுக்கு உள்ளீட்டு ஃபைல் வரவில்லையாம். வராதுதான். அனுப்புகிறவர்களுக்குச் சனி ஞாயிறு விடுமுறை, முந்தைய நாள் கடை மூடியிருந்தது, எதை அனுப்புவார்கள்? எழுந்து, லேப்டாப்பைத் திறந்து, "எதிர்பார்த்ததே" என்று எழுதி மூடிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. ஞாயிறு ஒன்று, திங்கள் ஒன்று என்று வாரத்துக்கு இரண்டு, வருடத்துக்கு 104 தடவை இந்த ஒரே ஒரு ஜாபுக்காக யாரோ ஒருவர் இப்படி எழுந்திருக்கிறோம்.

இதற்கு நீங்கள் முன்பு தந்த தீர்வையும் மறக்கவில்லை. குறைந்தபட்ச ஃபைல் எண்ணிக்கையை 0 ஆக்கினீர்கள். அலர்ட் நின்றது, எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம். அப்புறம் ஒரு வியாழன் அன்று அனுப்புகிறவர்கள் ஃபோல்டர் பெயரை மாற்றினார்கள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ஜாப் ஓடியது, ஃபைல் இல்லை, பச்சை. ஞாயிறும் திங்களும் நியாயமாகவே காலி, அதுவும் பச்சை. அந்தத் திங்கள் காலை கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் "புதன்கிழமைக் கணக்கிலிருந்து ஒன்றுமே காணோமே" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. ஐந்து பச்சைகளில் இரண்டு உண்மை, மூன்று பொய். திரையில் பார்த்தால் ஐந்தும் ஒரே நிறம். உடனே பழைய 1-க்கே திரும்பினீர்கள், போனும் திரும்பிவிட்டது.

"சனி ஞாயிறு ஜாபையே ஓட்டாதே" என்று உங்களில் ஒருவர் சொன்னார். இதில் இரண்டு கோளாறு. எங்கள் ஜாப் 2:30-க்கு ஓடுவது முந்தைய நாளின் ஃபைலுக்காக. வெள்ளிக்கிழமைக் கணக்கு சனி விடிகாலைதான் வரும். சனியை நிறுத்தினால் வாரத்தின் கடைசி நாள் போய்விடும். காலியாக இருக்க வேண்டிய ஓட்டங்கள் ஞாயிறும் திங்களும்தான். ஆக, பார்க்க வேண்டியது ஜாப் ஓடும் தேதியை அல்ல, ஃபைல் எந்த நாளுக்குரியதோ அந்தத் தேதியை. இரண்டாவது, சில சமயம் வெள்ளிக்கிழமை ஃபைல் தாமதமாகி ஞாயிறு விடிகாலை வந்து நிற்கும். ஜாப் ஓடினால்தானே அதை எடுக்கும்? ஓடட்டும், பார்க்கட்டும், ஒன்றும் இல்லையென்றால் சத்தம் போடாமல் போகட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு ஜாபிலும் அதன் எதிர்பார்ப்பை எழுத இடம் கொடுங்கள்:

```
business_date: run_date - 1
calendar: sender
expect_file: if_open
grace: 45m
```

`calendar` என்பது அனுப்புகிறவர்களின் காலண்டர், நம்முடையது அல்ல. அவர்களுக்கு விடுமுறையாக இருக்கும் புதன் நமக்கு வேலை நாளாக இருக்கலாம், ஏதாவது ஒரு சனி அவர்கள் கடை திறக்கலாம். வேலை நாளுக்குரிய ஃபைல் 45 நிமிடம் கழித்தும் வரவில்லையா, எழுப்புங்கள், ஒரு வார்த்தை பேச மாட்டேன். விடுமுறை நாளுக்குரியது வரவில்லையா, "எதிர்பார்த்த காலி" என்று தனி நிறத்தில் காட்டுங்கள், பச்சையில் கலக்காதீர்கள். விடுமுறை நாளுக்கு ஃபைல் வந்துவிட்டதா, அதையும் காலையில் சொல்லுங்கள். ஒன்று அவர்கள் காலண்டர் மாறியிருக்கும், இல்லை பழைய ஃபைலை மறுபடி அனுப்பியிருப்பார்கள்.

காலண்டரில் டிசம்பர் 31 வரைதான் பட்டியல் இருக்கிறது என்று வையுங்கள். ஜனவரி பிறந்ததும் பட்டியலில் இல்லாத நாளையெல்லாம் விடுமுறை என்று எடுத்துக்கொண்டால் அந்த வியாழன் கதைதான் மறுபடியும், இந்தத் தடவை மாதக்கணக்கில். பட்டியல் தீர 30 நாள் இருக்கும்போதே அதற்கு ஓர் அலர்ட் வேண்டும். அது பகலில் வரட்டும்.

டாஷ்போர்டுக்குக் கறுப்புப் பின்னணி போட நேரம் இருந்தது, வரைபடங்கள் அசைந்தாட நேரம் இருந்தது, இரவில் பார்க்கிறவர்களுக்குக் கண் கூசக் கூடாது என்ற கரிசனமாம். இரவில் பார்க்க வைக்காமல் இருந்தால் கண்ணே கூசாதே! சரி, கோபத்தை விடுகிறேன்.

தயவுசெய்து ஜாபோடு காலண்டரைச் சேருங்கள். முதலில் இந்த ஒரு ஜாபுக்கு மட்டும் போதும். அனுப்புகிறவர்களின் விடுமுறைப் பட்டியலை நானே கேட்டு வாங்கி, தட்டச்சு செய்து, டிக்கெட்டில் இணைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு இரவும் ஆன்கால் எனக்குத்தான்.

இப்படிக்கு,
விடிகாலை 3:15-க்கு எழுந்தவன்