‘வீக்’ என்று சொல்வதற்குப் பதிலாக

ஆசிரியருக்கு வணக்கம்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போய்வந்தால் அன்று இரவு வீட்டில் சண்டைதான் என்று சென்ற இதழில் ஒரு வாசகி எழுதியிருந்தார். அந்தக் கூட்டத்தில் பேசுகிற ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. தொடக்கப் பள்ளியில் 20 வருடமாக வேலை பார்க்கிறேன். “பையன் கொஞ்சம் வீக், வீட்ல பாருங்க” என்று நானும் எத்தனையோ அம்மாக்களிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். எதில் வீக், வீட்டில் எதைப் பார்ப்பது என்று அந்த வரியில் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு அதில் கேட்பது, ‘பிள்ளை சோம்பேறி, நீ கவனிக்கவில்லை’ என்பது மட்டும்தான்.

இப்போதெல்லாம் பேச வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள்கிறேன். சென்ற ஆண்டு என் 4ஆம் வகுப்பில் இருந்த ஒரு பையனின் அம்மாவிடம் பேசியதைச் சொல்கிறேன்.

கூப்பிடுவதற்கு முன் அவனைத் தனியாக உட்கார வைத்து, பாடப்புத்தகத்தில் இல்லாத 20 சொற்களைப் படமில்லாமல் எழுதிக் காட்டினேன். பாட்டி, மாடு, கிளி எல்லாம் சரியாகப் படித்தான். 11 சரி. தவறிய ஒன்பதும் கொம்பு போட்ட சொற்கள். கொடியை ‘கெடி’ என்றான்; மேளம் ‘மெளம்’ ஆனது. கொம்போடு கால் சேர்ந்து வந்தால் காலை விட்டுவிடுகிறான், இரட்டைக் கொம்பை ஒற்றையாகப் படிக்கிறான். அந்த இடத்தில்தான் அவனுக்குச் சிக்கல்.

மற்ற பெற்றோர் போன பிறகு அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பையன் வெளியே விளையாடிக்கொண்டிருந்தான். தாளில் இருந்தது இதுதான்:

“வாங்கம்மா. கதை சொன்னா ஒரு வரி விடாம திருப்பிச் சொல்றான், கணக்கும் மனசுலயே போடுறான். ஆனா தமிழ் படிக்கிறதுல இன்னும் 2ஆம் வகுப்பு அளவுலதான் இருக்கான். இந்தத் தாளைப் பாருங்க, டிக் போட்டதெல்லாம் படிச்சது. மீதி எல்லாத்துலயும் கொம்பு இருக்கு. அதுலதான் தடுக்குது.”

அதோடு நிறுத்திக்கொண்டேன். இந்த இடத்தில் நாம் பேசாமல் இருக்க வேண்டும். நான் முன்பெல்லாம் சமாதானம் சொல்லியே அதைக் கெடுத்துவிடுவேன்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “போன வருஷமும் பாஸ்னுதானே போட்டிருந்தீங்க டீச்சர்?” என்றார். நியாயமான கேள்வி. “8ஆம் வகுப்பு வரைக்கும் யாரையும் நிறுத்தி வைக்கிறதில்லம்மா. அதனால அட்டையைப் பார்த்தா இது தெரியாது. வகுப்புல எல்லாரும் சேர்ந்து படிக்கும்போது இவன் குரலும் சேர்ந்துடுது. பாடமும் மனப்பாடம். தனியா படிக்க வச்சப்பதான் எனக்கே தெரிஞ்சது” என்றேன். மறைக்கவும் இல்லை, முந்தைய வகுப்பு ஆசிரியர் மேல் போடவும் இல்லை. நடந்ததே அதுதான்.

அப்புறம், “எனக்குப் படிக்கத் தெரியாதே, நான் என்ன பண்ண முடியும்?” என்று கேட்டார். இதற்கான பதிலைத்தான் நான் நிறைய யோசித்து எழுதியிருந்தேன். “தினம் 5 சொல் எழுதிக் கொடுத்து அனுப்புறேன். சமைக்கும்போது பக்கத்துல உட்காந்து படிக்கச் சொல்லுங்க. ‘கெடி’ன்னு படிச்சா, ‘அப்படின்னா என்னடா?’ன்னு மட்டும் கேளுங்க. அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதே இல்லேன்னு அவனுக்கே தெரியும், திரும்பப் பார்ப்பான். பத்து நிமிஷம் போதும். பள்ளிக்கூடத்துல காலையில 15 நிமிஷம் நான் பார்த்துக்கறேன். இன்னிக்கு ராத்திரி இதப் பத்தி அவனைத் திட்ட வேணாம். அவங்கப்பாகிட்டயும் இந்தத் தாளையே காட்டுங்க.”

கடைசி வரி முக்கியம். கூட்டத்துக்கு வராத அப்பாவுக்கு ‘டீச்சர் குறை சொன்னாங்க’ என்று மட்டும் போய்ச் சேர்ந்தால் அடி விழும். தாளைக் காட்டினால் விழாது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அவர் கேட்க ஏதாவது கேள்வியாவது இருக்கும்.

ஏன் இப்படி என்றும் கேட்டார். “தெரியலம்மா. முதல்ல கண்ணையும் காதையும் பார்த்துடுவோம். ஆறு வாரத்துல மாற்றம் இல்லேன்னா வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரை வரச் சொல்லிப் பார்க்கச் சொல்வோம்” என்றேன். தெரியாத காரணத்துக்கு ஒரு பெயர் வைக்க எனக்கு உரிமை இல்லை.

ஆறு வாரம் கழித்து அதே மாதிரி வேறு 20 சொற்கள் கொடுத்தேன். 16 படித்தான். இரட்டைக் கொம்பு இன்னும் தடுக்கிறது. அம்மாவிடம் அந்தத் தாளையும் கொடுத்தேன். பழைய தாளை மடித்துப் பையிலேயே வைத்திருந்தார், இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

— ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்