கூட்டக் காட்சிக்குப் படம் வரையும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மொபைல் கேம்களுக்குப் படம் வரைபவர்களுக்கும் காட்சி அமைப்பவர்களுக்கும் வணக்கம்.

"எல்லாப் படத்தையும் அட்லஸில் போட்டுவிட்டோமே, இன்னும் ஏன் டிரா கால் குறையவில்லை?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். டிரா கால் என்பது 'இதை வரை' என்று சிபியு ஜிபியுவுக்குப் போடும் ஒரு கட்டளை. பல படங்களை ஒரே பெரிய படமாக அடுக்கும் அட்லஸ் தேவை, ஆனால் அது மட்டும் போதாது. எந்தப் படம் எந்த அட்லஸில் இருக்கிறது, எந்த வரிசையில் வரையப்படுகிறது என்ற இரண்டும் சேர்ந்துதான் கணக்கு. இது பெரும்பாலும் உங்கள் கையில் இருப்பதால்தான் இந்த மடல்.

யூனிட்டியில் ஒரு 2டி காட்சி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைதானத்தில் 60 பேர். ஒவ்வொருவருக்கும் தரையில் நிழல், அதன் மேல் உடல், தலைக்கு மேல் பெயர். நிழல் மற்ற எஃபெக்ட்களோடு ஓர் அட்லஸில், உடல்கள் இன்னொன்றில், பெயர் எழுத்து ஃபான்ட் அட்லஸில். ஃபோல்டர் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

இப்போது வரையும் வரிசையைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் ஸ்பிரைட்களைப் பின்னாலிருந்து முன்னால் வரைந்தாக வேண்டும்; இல்லாவிட்டால் பின்னால் நிற்பவர் முன்னால் நிற்பவர் மேல் ஏறிவிடுவார். அதனால் என்ஜின் தன் வசதிக்கு வரிசையை மாற்றாது. முதல் ஆளின் நிழல், உடல், பெயர், அப்புறம் இரண்டாம் ஆளின் நிழல், உடல், பெயர் என்றே போகும். அடுத்தடுத்து வருபவை ஒரே டெக்ஸ்சரும் ஒரே மெட்டீரியலும் கொண்டவையாக இருந்தால்தான் அவை ஒரே டிரா காலில் போகும் ஒரு பேட்ச் ஆகும். இங்கே ஒவ்வோர் அடியிலும் டெக்ஸ்சர் மாறுகிறது. 60 பெருக்கல் 3, மொத்தம் 180 டிரா கால். அட்லஸ் போட்டும் பலன் பூஜ்யம்.

தீர்வு என்ன? நிழலை உடல்களின் அட்லஸுக்கே கொண்டுவாருங்கள். நிழலும் உடலும் மாறி மாறி வந்தாலும் டெக்ஸ்சர் மாறாது, 120 ஸ்பிரைட்டும் ஒரே பேட்ச் ஆகும். இடம் போதுமா என்றால், 128 பிக்சல் சதுர ஃபிரேம்களுக்கு இடையில் 8 பிக்சல் இடைவெளி விட்டாலும் 2048 அட்லஸில் வரிசைக்கு 15 வீதம் 225 ஃபிரேம் நிற்கும். எட்டு வகை ஆட்கள், வகைக்கு 24 ஃபிரேம் என்றால் 192. நிழலுக்கும் இடம் மிச்சம். அந்த இடைவெளியை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். படத்தைச் சிறிதாக்கிக் காட்டும்போது பக்கத்துப் படத்தின் நிறம் ஓரத்தில் கோடாகக் கசியும்.

பெயர் வேறு கதை. எழுத்துக்கு ஷேடரே வேறு என்பதால் அட்லஸில் சேர்க்க முடியாது. எல்லாப் பெயர்களையும் எல்லா உடல்களுக்கும் மேலாக, தனி Canvas ஒன்றில் வைத்தால் ஒரே ஃபான்ட், ஒரே மெட்டீரியலுக்கு ஒரு பேட்ச். 180 இப்போது 2. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: பின்னால் நிற்பவரின் பெயர் முன்னால் நிற்பவரின் முகத்தில் விழலாம். அது சரியா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான், புரோகிராமர் அல்ல. பட்டன்கள் இருக்கும் Canvas-இல் பெயர்களைப் போட வேண்டாம். பெயர் நகரும் ஒவ்வொரு முறையும் பட்டன்களின் மெஷ்ஷும் சேர்ந்து மறுபடி கட்டப்படும்.

ஆளுக்கொரு சட்டை நிறம் வேண்டுமா? இந்த இடத்தில் எங்கள் புரோகிராமர்களையும் கண்காணியுங்கள். கீழே `sr` என்பது ஸ்பிரைட்டை வரையும் SpriteRenderer:

```csharp
sr.material.color = tint; // மெட்டீரியல் நகலாகும், பேட்ச் உடையும்
sr.color = tint;          // மெட்டீரியல் அதேதான்
```

`sr.color` முழு ஸ்பிரைட்டின் மீதும் நிறம் ஏற்றும் என்பதால், சட்டையை வெள்ளையில் தனி ஸ்பிரைட்டாக வரைந்து அதே அட்லஸில் வையுங்கள்.

அட்லஸைப் பிரிக்கும்போது "ஒரே நேரத்தில் திரையில் யார் யார்?" என்று கேளுங்கள். கடைசிக் கட்டத்தில் மட்டும் வரும் வில்லனை இந்த அட்லஸில் போட்டால், அவன் வராத காட்சியிலும் அவனுக்கான இடம் நினைவகத்தில் கிடக்கும். சுருக்காத 2048 அட்லஸ் 16 எம்பி.

சரிபார்க்க Frame Debugger-ஐத் திறந்து வரிசையாக நகருங்கள். ஆள் ஒவ்வொருவராக முளைத்தால் பேட்ச் உடைந்திருக்கிறது. கூட்டம் மொத்தமும் ஒரே அடியில் வந்தால் சரி. பேட்ச் ஏன் உடைந்தது என்ற காரணத்தையும் அதே ஜன்னல் சொல்லும்.

வேலையைத் தொடங்கும் முன் போனில் ஒரு சோதனை: ரெசல்யூஷனைப் பாதியாக்குங்கள். ஃபிரேம் நேரம் நன்றாகக் குறைந்தால் சிக்கல் ஜிபியு பிக்சல் நிரப்புவதில் இருக்கிறது. ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கும் புகை, ஒளிவட்டப் படங்களைக் குறையுங்கள், அட்லஸை அப்படியே விடுங்கள். நேரம் அசையாவிட்டால் பாரம் அநேகமாக சிபியுவில். அப்போது புரொஃபைலரில் ரெண்டரிங் நேரம் பெரிதாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அட்லஸ் பட்டியலோடு எங்களைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் படங்களைத் திரையில் ஏற்றும் ஒரு புரோகிராமர்