நான்காம் வகுப்புக்குப் பின்னம்: செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி,

பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்டது என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா? இங்கே பெரியவன் பத்தாம் வகுப்பு என்பதால் வீட்டில் டிவிக்குத் தடை. அதில் அதிகம் தவிக்கிறவர் அவன் அப்பாதான்.

நான்காம் வகுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள், பின்னப் பாடத்துக்கு நான் வைத்திருக்கும் திட்டத்தை அனுப்பு என்று கேட்டிருந்தாய். பாடக்குறிப்பேட்டில் இருப்பதை அப்படியே அனுப்பினால் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் கட்டமாகத்தான் இருக்கும். உனக்கு வேண்டியது அதில் இருக்காது. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

மூன்று வாரம் வைத்துக்கொள். முக்கியப் பொருள் ஒன்றே ஒன்றுதான், வெள்ளைக் காகிதப் பட்டை. ஏ4 தாளை 24 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொண்டு, 3 செ.மீ. அகலத்தில் பிரித்தால் ஏழு பட்டை வரும். ஒரு குழந்தைக்கு ஒரு தாள் போதும். முழுசாக ஒன்று, பிறகு 2, 3, 4, 6, 8 பாகங்களுக்கு ஒவ்வொன்று, மடிப்பில் சொதப்பினால் மாற்றுக்கு ஒன்று. 24 எதற்கென்றால், இந்த ஐந்து எண்களாலும் அது மீதியில்லாமல் வகுபடும். மடித்தது சரியா என்று பின்னால் அளவுகோல் வைத்துப் பார்க்கும்போது எல்லாமே முழு செ.மீ.யில் விழும். கலர் தாள் வேண்டாம். சிவப்பு என்றால் கால், பச்சை என்றால் அரை என்று குழந்தைகள் நிறத்தைப் பிடித்துக்கொண்டு அளவை விட்டுவிடுவார்கள். வட்டமும் முதல் வாரத்தில் வேண்டாம். வட்டத்தை மூன்றாக மடிக்க இந்த வயதுக் கைகளால் முடியாது. பின்னால் எண்கோட்டுக்குப் போகும்போது வட்டத்தை அதன்மேல் வைக்கவும் முடியாது.

முதல் வாரம் முழுக்க மடிப்பும் பேச்சும்தான். எழுத்தில் பின்னமே கிடையாது. பாதியாக மடி, மறுபடி பாதி, மறுபடி பாதி. பிரித்துப் பார்ப்பதற்கு முன் எத்தனை பாகம் இருக்கும் என்று கேள். மூன்று முறை மடித்ததால் ஆறு என்று பாதி வகுப்பு சொல்லும். எட்டு வந்ததும் சத்தம் கேட்க வேண்டும்! மூன்றாக மடிப்பதற்கு, பட்டையை ‘இசட்’ மாதிரி வளைத்து, ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்வரை நகர்த்தி, அதற்கப்புறம்தான் அழுத்தச் சொல். அதை மறுபடி பாதியாக்கினால் ஆறு. பிறகு துண்டுகளை விரல் வைத்து எண்ண வேண்டும்: நான்கில் ஒன்று, நான்கில் இரண்டு, நான்கில் மூன்று, நான்கில் நான்கு. அங்கே நிறுத்திவிடாதே. பக்கத்துக் குழந்தையின் பட்டையை ஒட்டி வைத்து நான்கில் ஐந்து, நான்கில் ஆறு என்று போகவிடு. இதைச் செய்த குழந்தைக்குப் பின்னம் என்றால் ஒன்றைவிடச் சின்னது என்ற எண்ணம் வராது.

இரண்டாம் வாரம் குறியீடு வருகிறது. நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. ‘நான்கில் மூன்று’ என்று சொல்லும்போது நான்கு முதலில் வருகிறது. கேட்ட வரிசையிலேயே எழுதுகிற குழந்தை மேலே 4, கீழே 3 போட்டுவிடும். அதனால் எழுதும் வரிசையை நான் இப்படி வைத்திருக்கிறேன்: முதலில் படுக்கைக் கோடு, அப்புறம் கீழே 4, கடைசியாக மேலே 3. மடித்த வரிசையும் அதுதானே, நான்காக்கிவிட்டுத்தான் மூன்றை எடுக்கிறோம். தொகுதி, பகுதி என்ற பெயர்கள் இது பழகிய பிறகு வந்தால் போதும். முதல் நாளே சொன்னால் எது எது என்று மனப்பாடம் செய்வதிலேயே பாடவேளை போய்விடும்.

அதே வாரத்தில் படமும் வரைகிறோம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில், 12 கட்ட நீளப் பட்டையாகத்தான் வரைய வேண்டும். வெறும் தாளில் விட்டால் மூன்றில் ஒன்றுக்குச் சின்னப் பட்டை, நான்கில் ஒன்றுக்குப் பெரிய பட்டை வரைந்துவிட்டு, நான்கில் ஒன்றுதான் பெரிது என்று படத்தையே சாட்சி காட்டுவார்கள். முழுசு சமமாக இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது என்பது அவர்கள் வாயிலிருந்து வரும்வரை இந்த இடத்தை விட்டு நகராதே.

பயிற்சிப் பள்ளியில் புரூனர் கேள்விக்குச் செயல், படம், குறியீடு என்று மூன்று தலைப்பு எழுதி மதிப்பெண் வாங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? வகுப்பில் அவை ஒன்று முடிந்து ஒன்று வருவதில்லை. மூன்றாம் வாரத்திலும் பட்டை இருக்கும், ஆனால் உறைக்குள் இருக்கும். குழந்தை முதலில் விடையையும் காரணத்தையும் எழுதிவிட்டு, அதற்கப்புறம் எடுத்துச் சரிபார்க்க வேண்டும். விடை தேடுவதற்கு இருந்த பட்டை இனி விடையைச் சோதிப்பதற்கு மட்டும். குறியீட்டுக்கு மாறுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்தக் கட்டத்துக்கு நான் வைத்திருக்கும் கேள்வி: 5/6, 7/8, எது பெரிது? கெட்டிக்காரக் குழந்தைகளே ‘ரெண்டும் சமம் டீச்சர், ரெண்டுலயும் ஒரு துண்டுதானே குறையுது’ என்பார்கள். தப்பு என்று சொல்லாதே, அந்தக் காரணத்தில் பாதி சரி. குறைகிற துண்டை மட்டும் எடுத்து அளக்கச் சொல். ஆறில் ஒன்று 4 செ.மீ., எட்டில் ஒன்று 3 செ.மீ. அப்போது குறைந்தது எதில் அதிகம்? ஆறில். மிச்சம் 20 செ.மீ.தான். எட்டில் 21 செ.மீ. ஆகவே 7/8 பெரிது. அடுத்து 2/3, 3/4 கொடு. உறையைத் திறக்காமலே, குறைகிற துண்டை வைத்துக் காரணம் சொன்னால் அந்தக் குழந்தை தாண்டிவிட்டது. சரியான விடையை மட்டும் எழுதிவிட்டுக் காரணம் கேட்டால் முழிக்கிற குழந்தைக்கு இன்னும் ஒரு வாரம் பட்டை தேவை. கீழே இருக்கிற எண் பெரிதானால் பின்னமும் பெரிது என்று நினைத்தாலும் இந்தக் கேள்விக்குச் சரியான விடை வந்துவிடும், அதனால் 5/6, 5/8 என்ற இணையையும் சேர்த்தே கொடு.

கூட்டலில் ஒன்றே ஒன்றைக் கவனி. 2/8 உடன் 3/8 சேர்த்து 5/16 என்று எழுதுவார்கள். விதியைச் சொல்லாமல், 5/16 அரையைவிடப் பெரிதா சின்னதா என்று கேள். பதினாறில் பாதி எட்டு, ஐந்து அதற்குள்தான். எட்டாக மடித்த பட்டையில் ஐந்து துண்டுகளை எண்ணினால் அரையைத் தாண்டிவிடும். முரண்பாட்டை அவர்களே பார்த்துவிடுவார்கள். வெவ்வேறு பகுதி உள்ள கூட்டலுக்கு இந்த வருடம் போகாதே, யார் கேட்டாலும் சரி.

எண்கோட்டில் கோடுகளை எண்ணாமல் இடைவெளிகளை எண்ண வைக்க வேண்டும். பட்டையை அப்படியே கோட்டின்மேல் வைத்து மடிப்புகளைக் குறித்தால் அதில் பெரிய சிரமம் இல்லை. புளியங்கொட்டையை வைத்துப் பன்னிரண்டில் கால், எட்டில் கால் என்று கேட்பதைக் கடைசிக்குத் தள்ளிவை. கால் ஒரு தரம் மூன்றாகவும் ஒரு தரம் இரண்டாகவும் வருவது, பட்டை பழகாத குழந்தையைக் குழப்பிவிடும்.

உன் வகுப்பில் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து உட்காருகிறதா? அப்படியென்றால் எழுது, அவர்களுக்கு அதே பட்டையில் என்ன வேலை கொடுக்கலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். தை மாதம் தங்கைக்குக் கல்யாணம், பத்திரிகை தனியாக வரும். அம்மாவையும் அழைத்துக்கொண்டு வா.

அன்புடன்,
மாலதி