உங்கள் எழுத்துப் பெட்டியின் வயசு: வள்ளி அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வள்ளி அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை காபி ஆறிப்போகும்வரை, மைக்கூடும் சாய்ந்த எழுதுபலகையும் வைத்த உங்கள் பெட்டியையே குடைந்துகொண்டிருந்தேன். "வயசை மட்டும் சொல்லுடா, போதும்" என்றீர்கள். அப்போது வாய்க்கு வந்ததைச் சொல்ல விருப்பமில்லை. வீட்டுக்கு வந்து குறிப்புகளை ஒழுங்காக எழுதிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

காரைக்குடியில் விற்றவர் "கம்பெனி காலத்துச் சாமான், 1800" என்று சொன்னாராம். காரணம் கேட்டதற்கு அடிப்பலகையைத் திருப்பிக் காட்டி, கையால் அறுத்த ரம்பத் தடம் என்றாராம். தடம் உண்மைதான். நேர்கோடுகள், ஆனால் ஒன்றுக்கொன்று கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. வட்ட ரம்பம் என்றால் வில் மாதிரி வளைந்த கோடு விழும். இங்கிலாந்துப் பெட்டியில் இப்படித் தடம் இருந்தால் பழசு என்று சந்தேகப்படலாம். நம் ஊரில் அது செல்லாது. இருபதாம் நூற்றாண்டிலும் இங்கே ஒருவர் மேலே, ஒருவர் கீழே நின்று தேக்கை அறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். உங்கள் பெட்டி முழுக்கத் தேக்கு. சீமையிலிருந்து வந்திருந்தால் மகாகனியாகவோ வால்நட் ஒட்டியதாகவோ இருப்பதுதான் வழக்கம். அந்தச் சாய்ந்த எழுதுபலகை மாதிரியை யாரோ நம் ஆசாரி பார்த்துச் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அதனால் மரத்தை விட்டுவிட்டு, கப்பலில் வந்த உலோகத்தைப் பார்த்தேன்.

உங்களிடம் கேட்டுக்கொண்டு கீலிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினேனே, நினைவிருக்கிறதா? அதன் நுனி ஊசி மாதிரி கூராக இருந்தது. 1840களுக்கு முன்பு மரத்துக்கான ஸ்க்ரூவுக்குக் கூர்நுனி கிடையாது. மொட்டையாக முடியும், முதலில் துளை போட்டுத்தான் முறுக்க வேண்டும். தலையில் உள்ள பள்ளமும் பெரும்பாலும் நடுவை விட்டு விலகியிருக்கும், கையால் வெட்டியது என்பதால். கூர்நுனி ஸ்க்ரூவை இயந்திரத்தில் செய்யும் முறைக்கு அமெரிக்காவில் 1846ல் காப்புரிமை வாங்கினார்கள். பர்மிங்காமில் நெட்டில்ஃபோல்டு என்பவர் 1854ல் அந்த உரிமையை வாங்கிப் பெரிய அளவில் செய்ய ஆரம்பித்த பிறகுதான் பிரிட்டிஷ் சரக்கில் அது சாதாரணமானது. ஆக, 1800 என்ற பேச்சு அந்த ஒரு ஸ்க்ரூவோடு முடிந்தது.

ஆனால் ஸ்க்ரூவை யாரும் மாற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்காகத்தான் மற்ற ஸ்க்ரூக்களையும் கழற்றி, கீலைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தேன். கீல் மாறியிருந்தால் பழைய துளைகள் அடைபட்டுக் கிடக்கும், அல்லது பழைய கீலின் நிழல் வேறு அளவில் மரத்தில் பதிந்திருக்கும். அங்கே நான்கு துளைகள்தான், கீலின் அளவிலேயே ஒரே ஒரு வெளிர் நிழல். அது முதலில் வைத்த கீலேதான். பூட்டின் தகட்டில் கிரீடமும் அதன் கீழே வி.ஆர். என்ற எழுத்துகளும் இருக்கின்றன. விக்டோரியா ராணி, 1837 முதல் 1901 வரை. அகலமான வலை, அதற்கு மேல் அது எதுவும் சொல்லாது.

இனி மைக்கூடுகள். இரண்டும் ஒரே ஜோடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை அக்கா. இடதுபக்கக் கண்ணாடியின் பித்தளை மூடிக்குள் விரல் நகம் அளவுக்கு ஒரு சாய்சதுர முத்திரை இருக்கிறது. பார்க்கப் பட்டம் மாதிரி இருக்கும். வடிவத்தைப் பதிவு செய்தவர்களுக்கு 1842 முதல் 1883 வரை பிரிட்டிஷ் அரசு கொடுத்த அடையாளம் அது. மேல்மூலையில், உச்சியில் இருக்கும் சின்ன வட்டத்துக்குக் கீழே எழுத்து இருந்தால் அது 1867க்குள், அந்த எழுத்தே வருஷத்தையும் சொல்லும். அங்கே எண் இருந்தால் 1868க்குப் பிறகு, வருஷத்தின் எழுத்து வலது மூலைக்குப் போய்விடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் மேல்மூலையில் ஜி. அது 1863. வடிவம் பதிவான வருஷம்தான் அது, மைக்கூடு செய்த வருஷம் அல்ல. அதே மாதிரியைச் சில வருஷங்கள் செய்து விற்றிருப்பார்கள். அதற்கு முன்னால் மட்டும் இருக்க முடியாது.

வலதுபக்கத்து மூடியில் பட்டம் இல்லை, ஆறு இலக்க எண் இருக்கிறது. 1884லிருந்து பட்டத்தை விட்டுவிட்டு வரிசை எண் போட ஆரம்பித்தார்கள். அந்த எண் லட்சத்தைத் தாண்டியது 1888ல். எனவே இது பின்னால் வந்து உட்கார்ந்த ஆள்.

இதை எண்ணை மட்டும் வைத்துச் சொல்லவில்லை, கறையும் அதையேதான் சொல்கிறது. இரண்டு மைக்கூட்டையும் எடுத்துவிட்டுக் குழியின் தரையைப் பார்த்தோமே. இரண்டு குழியிலும் கறுப்பு வட்டம், ஒரே அளவு. இடதுபக்கத்துக் கூட்டின் அடி அந்த வட்டத்தில் மோதிரம் மாதிரி பொருந்துகிறது. வலதுபக்கத்தில் இப்போது இருப்பதோ சதுரம். நான்கு மூலையும் வட்டத்துக்கு வெளியே சுத்தமான மரத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அங்கேயும் முதலில் ஒரு வட்டக்கூடுதான் இருந்திருக்கிறது, பல வருஷம் கசிந்தும் இருக்கிறது. உடைந்த பிறகு யாரோ கிடைத்ததை வைத்திருக்கிறார்கள். தக்கைத் துண்டு செருகி ஆடாமல் பண்ணியிருப்பதைக் கவனித்தீர்களா? எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துவிட்டது.

அந்தக் கறுப்பு இரும்பு மை. கடுக்காயையும் அன்னபேதி என்ற இரும்பு உப்பையும் சேர்த்து நம் ஊரில் காய்ச்சியதும் அதே வகைதான். சீமையில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தின் மாசிக்காய். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், மரத்திலேயே கொஞ்சம் துவர்ப்பு உண்டென்பதால் நன்றாகக் கவ்விக்கொள்ளும். ஈரப் பஞ்சை ஒற்றியபோது ஒன்றும் வரவில்லை. ஆனால் இதை வைத்து வயசு சொல்ல முடியாது. பல நூறு வருஷம் புழங்கிய மை, இருபதாம் நூற்றாண்டிலும் விற்றது.

எழுதுபலகை ஓரத்தில் வெல்வெட்டு பிரிந்திருந்த இடத்தில் வேறொரு கறை இருந்தது, ஊதா. அதில் ஒற்றிய பஞ்சு உடனே ஊதாவானது. கரித்தாரிலிருந்து எடுத்த சாய மை அது. அந்த வகையில் முதல் சாயத்தை பெர்கின் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்ததே 1856ல், மையாகப் புழங்கியது அதற்குப் பிறகு. இங்கே முக்கியம் நிறமல்ல, இடம். கறை மரத்தில் இருக்கிறது, அதன் மேலே இருக்கும் வெல்வெட்டில் பொட்டுக்கூட இல்லை. மை கொட்டிய பிறகுதான் அந்த வெல்வெட்டை ஒட்டியிருக்கிறார்கள். "அசல் துணி" என்று அதற்குத் தனியாக விலை வைத்தாராமே, அது வீண்.

உள்ளே கிடந்த மூன்று நிப்புகளையும் கறுப்புப் பிடி போட்ட பேனாவையும் கணக்கில் சேர்க்கவில்லை. பிடியைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்தால் கந்தக நெடி வருகிறது, எபோனைட் என்ற இறுக்கிய ரப்பர். அதெல்லாம் டிராயரில் யார் வேண்டுமானாலும் போட்டுவிட்டுப் போகக்கூடியவை.

சரி, கூட்டிப் பார்த்தால், 1863க்குப் பின், அநேகமாக 1880க்குள். பின் எல்லையை அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். பட்ட முத்திரை போட்ட கூடு கடையில் எத்தனை வருஷம் தூங்கியது என்று யார் கண்டார்கள்?

புதன்கிழமை ஆசாரி வருகிறார் என்றீர்கள். கறையை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவோ ஆக்ஸாலிக் ஆசிட் வைத்து வெளுக்கவோ விட்டுவிடாதீர்கள். அந்த வட்டங்கள் போனால் மேலே எழுதியதில் பாதி போய்விடும். கழற்றுகிற ஸ்க்ரூவை அந்தந்தத் துளைக்கே திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. மைக்கூட்டுக் குழிக்குப் பக்கத்தில் இருக்கும் அறையை வெளியே அளந்ததற்கும் உள்ளே அளந்ததற்கும் இரண்டு விரல்கடை வித்தியாசம் வந்தது. இந்த வகைப் பெட்டிகளில் குழியை ஒட்டிய மெல்லிய பலகைக்குப் பின்னால் சின்ன ரகசிய டிராயர்கள் இருப்பதுண்டு, உள்ளே வில் வைத்துத் தள்ளும். கத்தியை விட்டு நெம்பாதீர்கள். அடுத்த ஞாயிறு வந்து நானே பார்க்கிறேன், காபியைச் சூடாகக் குடித்துவிட்டு.

அன்புடன்,
உங்கள் தம்பி